சிவப்புச் சீட்டு

"அம்மா மாத்திரை போட்டா தம்பிப் பாப்பா வயித்துக்கும் போயிடுமா?"

ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டருக்கு மூக்கு எட்டாத ஒரு சிறுமி கேட்டாள். அந்த மரக் கவுண்டர் இன்று இல்லை, கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் முகம் அங்கேயே நிற்கிறது.

"போகும் கண்ணு" என்றேன்.

பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்காக அவள் அம்மாவுக்கு செர்ட்ராலின் எழுதியிருந்தார்கள். அந்நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம். சந்தேகம் வந்தால் 'பாலூட்டுவோர் தவிர்க்கவும்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டிவிடுவோம். பழி நம் தலையில் விழாது. நானும் மருந்துப் புத்தகத்தைப் பார்க்காமல் அவள் மாத்திரை டப்பாவில் ஒட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பிரசவ வார்டு சிஸ்டர் அந்த டப்பாவோடு இறங்கி வந்தார். பாலை நிறுத்த மனமில்லாமல் அந்தத் தாய் மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். சாப்பாடு இறங்கவில்லையாம், குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாளாம். டாக்டர் வார்டில் சேர்த்திருக்கிறார்.

"சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடியே உங்க பசை காஞ்சிருக்கலாம் சார்" என்றார் சிஸ்டர். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எல்லா மருந்தும் கொஞ்சம் போகத்தான் செய்யும். எவ்வளவு போகும்னுதான் பாக்கணும். இது ரத்தத்துல புரதத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது. பாலுக்கு வர்றது சொற்பம். குழந்தையும் நிறைமாசத்துல பொறந்தது, நல்லா எடை போடுது."

புத்தகமும் அதையே சொன்னது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் தாயிடம் நானே போய்ப் பேசினேன். மாத்திரையும் வேண்டும், பாலும் கொடுக்கலாம். குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே சொல்ல வேண்டும்.

"நிஜமா கொடுக்கலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கொடுக்கலாம்மா. சீட்டு ஒட்டினது என் தப்பு."

அவள் தேறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என் பிழையை அவளிடம் நானே சொன்னதோடு சரி, சிஸ்டர் அதை யார் காதிலும் போடவில்லை. அவமானப்படுத்தாமல் ஒருவரைத் திருத்தும் கருணையைக் கடவுள் சிலருக்கே தருகிறார்.

பல வருடம் கழித்து ஒரு மதியம். சிஸ்டரின் கையெழுத்தில் வார்டிலிருந்து மருந்துக் கோரிக்கைத் தாள் வந்தது. அறுவை செய்து குழந்தை பெற்ற ஒரு தாய்க்கு, வலிக்குக் கோடீன் மாத்திரை. சில தாய்மாரின் உடலில் கோடீன் மளமளவென்று மார்ஃபினாக மாறிப் பாலில் இறங்கும். பிறந்து மூன்றே நாளான குழந்தையின் ஈரல் அதைக் கழிக்கத் திணறும், மூச்சே மந்தமாகிவிடலாம்.

தாளோடு மேலே ஓடினேன். அந்தத் தாயின் மருந்து அட்டவணையில் டாக்டர் எழுதியிருந்தது பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும்தான். முந்தைய வாரம் முழுவதும் அறுவை வார்டில் இரட்டை வேலை பார்த்த சிஸ்டரின் கை, அங்கே எழுதிப் பழகியதையே எழுதியிருந்தது.

சிஸ்டரின் மேசையில் யாரும் இல்லை. உள்ளே எங்கோ சிஸ்டர் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம். கோரிக்கைத் தாளில் தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, அட்டவணையில் இருந்ததை அருகில் எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே போய்ச் சரியான மாத்திரைகளை எடுத்து வந்து, தாளோடு தட்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.