பன்னிரண்டு இலக்க எண்

குமலா ஊர்க் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் சாவ்ஜிக்கு ஒரு வாரமாக எல்லார் மேலும் எரிச்சல். வாடிக்கையாளரான பிர்சி என்ற பெண்ணிடம் 299 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் செயலியிலிருந்து அவள் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டிருந்தார். கணக்கிலிருந்து பணம் போனது, ரீசார்ஜ் ஏறவில்லை.

"கம்பெனிக்காரனுங்க முழுங்கிட்டானுங்க, தீதி. காசு திரும்பி வரட்டும், போட்டுத் தர்றேன்" என்று அக்கா முறை சொல்லியே தினமும் அவளைத் திருப்பி அனுப்பினார்.

எட்டாம் நாள் அவள் கடையை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் சிம் கம்பெனியைக் கூப்பிட்டார். அப்படியொரு ரீசார்ஜ் தங்களிடம் வரவே இல்லை என்றார்கள். செயலியைத் திறந்தால், 'தோல்வி, பணம் வங்கிக்குத் திருப்பப்பட்டது' என்று போட்டு, கீழே அந்தப் பணத்தைத் தேடுவதற்கான பன்னிரண்டு இலக்க எண் இருந்தது.

"பச்சைப் பொய்!" என்று அந்த எண்ணோடு வங்கிக்குப் பாய்ந்தார். பிர்சியும் பின்னாலேயே போனாள்.

வங்கி ஊழியர் எண்ணைத் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். பணம் ரீசார்ஜ் போட்ட அன்று சாயங்காலமே சாவ்ஜியின் கணக்கில் விழுந்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை வரவு விழும் கணக்கு. அவர் பார்க்கவே இல்லை.

"இதோ, இப்பவே போட்டுடறேன் தீதி." குரல் இறங்கிவிட்டது.

"போடுங்க. சூரத்துல இருக்கிற என் புருஷன்கிட்ட எட்டு நாளா என்னால பேச முடியல, சாவ்ஜி. அந்த எட்டு நாளை எந்த நம்பரைப் போட்டுத் தேடுவீங்க?"