காகிதத்தில் வட்டம்

வேலை முடிந்து வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேடையில் இருந்த இருமல் மருந்து பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டிலின் முன்பக்கத்தில் பச்சை வளையம், அதற்குள் ஓர் இலை. அந்த மருந்துக் கம்பெனியின் சின்னம். லேபிள் அச்சகத்தில் உட்கார்ந்து அதைக் கணினியில் வரைந்தவளே அவள்தான். அவள் வரைந்த வளையம் பாட்டிலில் வட்டமாகத் தெரியும். இது நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி தெரிந்தது.

"இதை எங்க வாங்கினீங்க?"

கணவன் பாப்பாவை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். "நாம எப்பவும் வாங்குற கடை பூட்டியிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற கடையில வாங்கினேன். ஏன்?"

"பாப்பாவுக்குக் குடுத்துட்டீங்களா?"

"மத்தியானம் ஒரு தடவை. இப்போ அடுத்தது குடுக்கணும். அந்த மூடியை எடு."

பக்கத்து ஊர்களில் போலி இருமல் மருந்து குடித்த பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதாகச் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. அச்சகத்திலும் இதே பேச்சுதான்.

"வேண்டாம். குடுக்காதீங்க. லேபிள்ல ஏதோ தப்பா இருக்கு."

"உனக்கு எந்த லேபிள்தான் சரியா இருந்திருக்கு? ஊறுகாய் பாட்டிலைக்கூட விட்டு வைக்கிறதில்லையே நீ."

அவன் சொன்னதும் பொய்யில்லை. கடைக்குக் கூட்டிப்போனால் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு அலமாரியோடு சண்டை பிடிக்கிறவள் அவள். அதனால்தான் இப்போது தன் கண்ணையே நம்பப் பயமாக இருந்தது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. உருண்டையான பாட்டிலைச் சுற்றி லேபிள் ஒட்டினால் காகிதம் சுருங்குவதும் இல்லை, இழுபடுவதும் இல்லை. ஏமாறுவது நம் கண்தான். சின்னத்தின் நடுப்பகுதி நேராக நம்மைப் பார்க்கும். இரண்டு ஓரமும் பின்பக்கமாக வளைந்து போவதால் ஒடுங்கித் தெரியும். உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் குறையும். சின்னம் சிறியதாக இருந்தால் யாருக்கும் தெரியாது. பழைய லேபிளில் சிறியதாகத்தான் இருந்தது. கம்பெனிக்குப் புதிதாக வந்த விற்பனை மேலாளருக்குத்தான் சின்னம் பாட்டிலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். பெரிதாக்கிக் காட்டினால் முட்டை என்றார். கொஞ்சம் சிறிதாக்கலாமா என்றால் முகத்தைத் தூக்கினார். சொல்கிறவருக்கு என்ன, செய்கிறவளுக்கல்லவா தெரியும் பாடு.

கடைசியில் அவள் பாட்டிலின் சுற்றளவை அளந்தாள். வளையத்தைப் பக்கவாட்டில் இழுத்தாள், நடுவில் கொஞ்சமாக, ஓரத்துக்குப் போகப் போக அதிகமாக. காகிதத்தில் அது படுத்த பூசணிக்காய். "என்னம்மா, உன் வளையம் நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு" என்று அச்சு ஓட்டுகிறவர் கேலி செய்தார். பாட்டிலில் ஒட்டி எதிரில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டார். அத்தனை கச்சிதமான வட்டம். மேலாளர் பாட்டிலைப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்.

பாப்பா மறுபடி இருமினாள். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"குழந்தை இப்படித் துடிக்கிறா, நீ பாட்டிலை வெச்சுக்கிட்டு நிக்கிற" என்று கணவன் எரிந்து விழுந்தான்.

"லேபிளை உரிச்சுப் பார்த்துடலாங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யுறேன்."

அவன் வங்கியில் காசாளர். கள்ள நோட்டைத் தொட்டே சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவன். வெந்நீரில் பாட்டிலை நனைத்து, லேபிளை ஓரத்திலிருந்து பக்குவமாக அவனே உரித்தான். மேடையில் விரித்து ஈரத்தைத் துடைத்தான். மருந்து அளக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து வளையத்தின் மேல் வைத்தான். மூடியின் விளிம்பும் வளையமும் சுற்றிலும் ஒட்டி நின்றன. ஒரு பக்கமும் இடைவெளி இல்லை.

"பார்த்தியா? காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி வட்டம். ஒரு குறையும் இல்ல. நீயும் பயந்து என்னையும் பயமுறுத்திட்ட." அவன் முகம் தெளிந்துவிட்டது. மூடியைத் திருப்பி, மருந்தை ஊற்றப் போனான்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மூடி உருண்டு தொட்டிக்குள் விழுந்தது.

"இது வட்டமா இருக்கக் கூடாதுங்க" என்றாள். "நான் போட்டது காகிதத்துல அகலமா இருக்கும். இவ்வளவு பெரிய வளையத்தை வட்டமா நாங்க அடிச்சதே கிடையாது. எவனோ கடையில இருந்த பாட்டிலைப் போட்டோ பிடிச்சு வரைஞ்சிருக்கான். போட்டோவுல வட்டமாத்தானே தெரியும். அதை அப்படியே அடிச்சு ஒட்டியிருக்கான். அதனாலதான் பாட்டில்ல ஒடுங்கிப்போச்சு."

கணவன் லேபிளைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான். பிறகு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வாங்கி ஒரு பையில் போட்டு ஒட்டினார். "உள்ள என்ன இருக்குன்னு பரிசோதனையிலதான் தெரியும். ரத்தம் எடுத்தாச்சு. குழந்தை ஒண்ணுக்குப் போறாளான்னு கவனிங்க. அதுதான் இப்போ முக்கியம்" என்றார். மத்தியானத்திலிருந்து போகவே இல்லை என்றான் கணவன். தானே கையால் கொடுத்தேனே என்பது அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அவனைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெம்பில்லை.

அச்சக முதலாளியிடம் எண் வாங்கி, மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பேசினாள். கையோடு கொண்டுவந்திருந்த லேபிளை விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. எங்க சின்னத்தோட அசல் வட்டத்தை ஒரு கண்ணாடி மாதிரித் தாள்ல அடிச்சு வெச்சிருக்கோம். அதை மேல வெச்சுத்தான் போலியைக் கண்டுபிடிப்போம். உங்க படத்தை அதே அளவுல பிரிண்ட் எடுத்து வெச்சுப் பார்த்தேன், கச்சிதமாப் பொருந்துது. இது நல்ல சரக்குதான்."

"பொருந்தினா போலி சார். நாங்க அடிச்சு அனுப்புறது பொருந்தாது. பாட்டில்ல வட்டமாத் தெரியணும்னு நான்தான் அகலப்படுத்தினேன். உங்க மேலாளர் பாட்டிலைப் பார்த்து ஒத்துக்கிட்டார்."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையேம்மா" என்றார். பிறகு, "இருங்க, கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

கட்டிலில் பாப்பா முனகினாள். அவள் ஓடினாள்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

இந்த வார்த்தைக்காக ஒரு தாய் இப்படி அழுவாள் என்று நர்ஸ் எதிர்பார்த்திருக்க மாட்டாள். சின்னக் குப்பியைக் கையில் கொடுத்து, "பிடிச்சிட்டு வாங்க, நல்ல அறிகுறிதான்" என்று சிரித்தாள். குப்பி நிறைந்தது. கணவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கைபேசி அடித்தது. அந்தத் தரக் கட்டுப்பாட்டு அதிகாரிதான்.

"குழந்தை எப்படிம்மா இருக்கா?"

"ஒண்ணுக்குப் போயிட்டா சார். பார்த்துட்டு இருக்காங்க."

"நல்லதும்மா." அவர் தொடர்ந்தார். "போலி வந்திருக்குன்னு தெரிஞ்சதுல இருந்து கடைகள்ல இருக்கிற பெட்டியை எல்லாம் எடுத்துட்டு வந்தோம். லேப் முடிவு வர நாளாகும்னு, பெட்டிக்கு ஒரு லேபிளை உரிச்சு, அந்தத் தாளை மேல வெச்சுப் பார்த்தே பிரிச்சோம். பொருந்தாததை எல்லாம் நொறுக்கிட்டோம்."

அவள் தன் நல்ல பாட்டில்கள் நொறுங்குவதை நினைத்துப் பார்த்தாள். அது போகட்டும்.

"பொருந்தினதை சார்?"

"திருப்பிக் கடைக்கே அனுப்பிட்டோம்மா."

"எத்தனை கடைக்கு சார்?"