கூரைக்கு ஒரு கடிதம்

எனக்குக் கோபம் வந்தால் எழுதியே தீர வேண்டும். ரங்கத் பள்ளிக்கூடத்துக் கூரை வேலை ஒரு மாதமாக அப்படியே நின்றது. எங்கள் தீவில் மே பிறந்தால் மழை. ஓவர்சியரான நான், மேசையில் கிடந்த ஏதோ ஒரு தாளின் பின்பக்கத்தில் காண்ட்ராக்டர் அடைக்கலசாமிக்கு எழுத ஆரம்பித்தேன்: "சோம்பேறி! பொறுப்பில்லாத ஆள்!"

பக்கத்து மேசைத் திருநாவுக்கரசு எட்டிப் பார்த்தார். "இதை அனுப்பினா சண்டைதான் நடக்கும், வேலை நடக்காது."

புதுத் தாளில் மாற்றி எழுதினேன்: "ஏப்ரல் இருபதுக்குள் கூரை முடிய வேண்டும். இந்தத் தேதி மாறாது. தடை ஏதும் இருந்தால் சனிக்கிழமைக்குள் நேரில் சொல்லுங்கள்." என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை அடைக்கலசாமி வந்தார். "நான் ரெடி சார். ஆனா தகரம் உங்க ஸ்டோர்லதானே தரணும்? கேட்டு எழுதிக் குடுத்து மூணு வாரமாச்சு. நீங்க கையெழுத்துப் போடலையே."

மேசையைக் குடைந்தேன். அவருடைய மனு அகப்பட்டது. வாங்கித் திருப்பிப் பார்த்தவர் நிதானமாகக் கேட்டார்: "பின்னாடி சோம்பேறின்னு போட்டிருக்கே, யாரு சார்?"

பேனாவை எடுத்து அந்த வரிக்கு அடியில் என் பெயரை எழுதினேன். பிறகு தாளைத் திருப்பி, தகரத்துக்கும் கையெழுத்துப் போட்டேன்.