அறுபது வார்த்தைக்குள் டீச்சர்

அரங்கத்தின் நிகழ்ச்சி அலுவலகம் கேட்டது சின்ன விஷயம்தான். கலைஞரைப் பற்றி ஒரு குறிப்பு, அறுபது வார்த்தைக்குள், படர்க்கையில். அதை அண்ணன் தலையில் கட்டினாள் பாருங்கள், அங்கேதான் புல்லாங்குழல்காரிக்குச் சனி பிடித்தது.

அண்ணன் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் தங்கைக்குக் கச்சேரி பிடிப்பான். யார் என்ன கேட்டாலும் அனுப்ப அவனிடம் ஒரே குறிப்பு தயாராக இருந்தது, நானூறு வார்த்தையில். அதில் தங்கை 'மூன்று வயதிலேயே மேடை கண்டவர்'. கண்டது உண்மை. கண்டதும் வீறிட்டு அழுதாள், அம்மா தூக்கிக்கொண்டு இறங்கினாள். 'ஏழு நாடுகளில் வாசித்தவர்' என்றும் இருந்தது. அதில் இரண்டு நாடுகள் விமானம் மாறிய இடங்கள்.

"அங்க எங்கண்ணா வாசிச்சேன்?"

"பாதுகாப்புச் சோதனையில பெட்டியத் திறந்து ஊதிக் காட்டச் சொன்னாங்கல்ல? அதுவும் வாசிச்சதுதான்."

இவனோடு வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "எதை வேணும்னாலும் வெட்டு. டீச்சர் பேர்ல மட்டும் கை வைக்காத" என்றாள்.

டீச்சர் விஷயம் அப்படி. அவரிடம் படித்துப் பெயர் வாங்கிய இரண்டு பேர், குறிப்பில் வேறு பெரிய பெயர்களுக்கு இடம் வேண்டும் என்று அவர் பெயரைக் கழற்றி விட்டார்கள். அன்றிலிருந்து டீச்சர் எந்த மாணவர் கச்சேரிக்கும் போவதில்லை. அந்த இருவர் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். இவள் நேரில் போய்க் கூப்பிட்டபோது, "வரேன். குறிப்புல நீ என்ன போட்டிருக்கன்னு பாக்கலாம்" என்றார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்தக் கச்சேரியில் வேறு ஆசையே கிடையாது.

அண்ணன் உயிரைக் கொடுத்து வெட்டினான். ஒவ்வொரு விருதும் போகும்போது சொந்தப் பல்லைப் பிடுங்கியது மாதிரி முகம் கோணியது. கடைசியில் நான்கு வார்த்தை கூடுதலாக நின்றது. 'உலகப் புகழ் பெற்ற' என்பதைத் தொட மனம் வரவில்லை. பயிற்சி பற்றிய வரியில் டீச்சருக்கு முன்னால் பெரியப்பா இருந்தார். சின்ன வயதில் முதலில் ஊதக் கற்றுக்கொடுத்த மனிதர், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கோபித்துக்கொள்ள மாட்டார். அவரை எடுத்துவிட்டான். அச்சுக்கு முன் அலுவலகம் சரிபார்க்க அனுப்பிய பக்கத்துக்கு, வார்த்தையை எண்ணிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பினான்.

கச்சேரியன்று ஒப்பனை அறையில் நிகழ்ச்சித்தாளைப் பிரித்துப் பார்த்தாள். பெரியப்பா போயிருந்தார். அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'மறைந்த' என்ற சொல் போகவில்லை. அது நகர்ந்து போய் டீச்சர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, டீச்சரக் கொன்னுட்டியேடா."

அண்ணன் எட்டிப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு, பழக்க தோஷம், "வார்த்தை சரியா அறுபது இருக்கு" என்றான்.

குறிப்பை மேடையில் படிக்கப்போகும் அறிவிப்பாளர் அம்மாவிடம் ஓடிச்சென்று அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாசிக்கச் சொல்லலாம். ஆனால் நாற்காலிக்கு நாற்காலி தாள் போய்விட்டதே. திரை இடுக்கு வழியே பார்த்தாள். முன்வரிசையில் டீச்சர், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தார். எழுந்தார். போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். உள்ளே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் வந்தது ஒப்பனை அறைக்கு.

"டீச்சர், அது பெரியப்பாவோட..." என்று பதறி எழுந்தாள்.

"இரு. பக்கத்து சீட்டுக்காரர் எனக்கே துக்கம் விசாரிச்சாரு. நல்ல மனுஷியாம் நான்." டீச்சர் தாளை மேசையில் விரித்தார். "என் பேரு முழுசா இருக்கு. இனிஷியல்கூடச் சரியா இருக்கு. உயிரோட இருக்கறப்பவே அவங்க ரெண்டு பேரும் என்னத் தூக்கிட்டாங்க. நான் செத்தப்புறமும் நீ வச்சிருக்க."

அவள் அழுதேவிட்டாள். டீச்சரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேனா இருக்கா?"

அண்ணன் நீட்டினான். டீச்சர் 'மறைந்த' என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்து, அதன் மேல் 'ஈடிணையற்ற' என்று அழகாக எழுதினார்.

"அறிவிக்கிற அம்மாகிட்ட இதைக் குடு" என்று அண்ணனிடம் தாளைக் கொடுத்தார். "கவலப்படாத. ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. அறுபதுதான்."