ஆறே முக்காலுக்கு வந்த இருளப்பன்

மலாயாவில், மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் கொட்டகையில் பார்த்துக்கொள்பவள் மருதம்மாள். எல்லோருக்கும் அவள் ஆயா. எதையும் சுருக்கமாகச் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் போதும், உப்பு கடைசியாக எப்போது வந்தது, யார் எவ்வளவு வாங்கினார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இல்லை என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர் சில்வெஸ்டர் கிராணி நாலு தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, கண்ணால் கண்டதை எழுதித் தரச் சொன்னார். ஜப்பான்காரன் வந்த பிறகு புதுத் தாளைக் கண்ணில் காண்பதே அபூர்வம். அவர் கொடுத்தவை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுத் தாள்கள், முன்பக்கம் முழுக்க ஆள் பெயர்கள். எழுத வேண்டியது பின்பக்கத்தில்.

விஷயம் சின்னதல்ல. செவ்வாய்க்கிழமை காலை மேட்டுமேல் இருக்கும் புகைக்கூடத்தில் தீப்பிடித்து, புகையில் உலரப் போட்டிருந்த முப்பது ரப்பர் ஷீட்டுகள் கருகிப்போயின. அங்கே ராத்திரி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் இருளப்பன். வேலை நேரம் முடியும் முன்பே அவன் இறங்கிப் போய்விட்டான் என்பது குற்றச்சாட்டு. தோட்டத்துக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் ஹெர்பர்ட் ஐயா மறுநாள் விசாரிக்கப் போகிறார். குற்றம் உறுதியானால் சயாம் ரயில் வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் இருளப்பன் பெயர் முதலாவதாக ஏறும். போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பி வரவில்லை. மருதம்மாளின் மகள் இராசாத்திக்கும் அவனுக்கும் ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

தீ பிடித்த அன்றே மருதம்மாள் ஆபீஸ் வாசலில் நின்று அவனுக்காக வாதாடியிருந்தாள். ஆறே முக்காலுக்கு நல்ல பிள்ளையாக வந்து கொட்டகைக் குழாயில் கை கழுவினான், என் கண்ணால் பார்த்தேன் என்று ஊர் கேட்கச் சொன்னாள். தன் வாய்ச்சொல்லால் பையன் தப்பித்தான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா, எழுத உட்கார்ந்தாள். "இருளப்பன் தங்கமான பிள்ளை. அவன் அம்மா செத்தபோது..." என்று முதல் தாள் நிறைந்துவிட்டது. சில்வெஸ்டர் வாங்கிப் படித்தார். சிரிப்பை மீசைக்குள் ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆயா, அவன் தங்கமா பித்தளையாங்கறத ஹெர்பர்ட் ஐயா பார்த்துக்குவாரு. அன்னிக்கு நீங்க எழுந்ததிலிருந்து ஆரம்பிங்க. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. கண்ணால பார்த்தது மட்டும்."

யாராவது சொல்லிக் கேட்டது இருந்தால், இன்னார் சொன்னார் என்று தனியாக எழுத வேண்டுமாம். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாமாம். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து. முதல் வரியில் தான் யார், என்ன வேலை, இருளப்பன் தனக்கு என்ன உறவு என்பதும் வர வேண்டும் என்றார்.

இந்த உறவு விஷயம் அவளுக்குக் கசந்தது. மருமகனாகப் போகிறவன் என்று எழுதினால் எவன் நம்புவான்? மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள் என்றார் சில்வெஸ்டர். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

அதன் பிறகு பென்சில் ஓடியது. எழுந்தேன். மரவள்ளிக் கிழங்கு கஞ்சிக்கு உலை வைத்தேன். பெரட்டு மணி அடித்தது. பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். கஞ்சி கொதித்தது. பகல் அடுப்பைப் பார்க்கும் தர்மலிங்கம் விறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு புகைக்கூடத்து மேட்டில் ஏறினான். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினேன். இருளப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். கை கழுவினான். அப்போது மணி ஆறே முக்கால்.

தன் வாழ்க்கையில் ஒரு காலைப்பொழுது இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். சில்வெஸ்டர் அதை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பெரட்டு மணி அடிச்சது முன்னாடியா, இருளப்பன் வந்தது முன்னாடியா?"

"மணிதான் முன்னாடி. பிள்ளைங்கல்லாம் வந்துட்டாங்கல்ல. ரெண்டு சட்டி கஞ்சி காலி."

"அந்த ஆறே முக்கால எதைப் பார்த்துச் சொன்னீங்க?"

"என் கடிகாரத்தைத்தான். பரண் கட்டையில இருக்கே."

எழுந்து போய்ப் பாருங்கள் என்றார் அவர். பார்த்தாள். மூன்றரை. அவர் ஆபீஸுக்கு நடந்து போய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். போய்வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே மணி ஐந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் வந்ததும் மலாயாக் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். ஆபீஸ் கடிகாரமும் தள்ளப்பட்டது. லயத்து வீடுகளில் மற்றவர்களிடம் கடிகாரமே கிடையாது, அவர்களுக்கு மணியோசை போதும். மருதம்மாள் மட்டும் தன் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. சூரியன் என்ன ஜப்பானிலிருந்தா உதிக்கிறது என்று கேட்டவள் அவள்.

ஆபீஸ் கடிகாரப்படி இருளப்பன் வேலை முடிவது எட்டு மணிக்கு. பெரட்டு மணியோ ஏழுக்கு. ஆறே முக்கால் என்று அவள் வாசலில் நின்று முழங்கியதை ஆபீஸ் தன் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தது. பெரட்டுக்கும் முன்னால், ஒன்றேகால் மணி நேரம் அடுப்பை அநாதையாக விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டியது. அவன் முன்பே இறங்கினான் என்பதற்கு ஆபீஸில் இருந்த ஒரே சாட்சி அவள்தான்.

 நானேதான் அவனைச் சயாமுக்கு அனுப்பப் பார்த்தேனா என்று மருதம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எட்டேகால் என்று மாற்றி எழுதிவிடுகிறேன் என்று பென்சிலை எடுத்தாள். சில்வெஸ்டர் தடுத்தார்.

"நீங்க பார்த்தது ஆறே முக்கால். அதையே வைங்க. உங்க கடிகாரம் ஆபீஸ் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி பின்னாடின்னு அடுத்த வரியில எழுதுங்க. இன்னிக்கு ரெண்டையும் ஒத்துப் பார்த்தோம்னும் எழுதுங்க. கணக்கை ஐயா போடட்டும்."

கடிகாரத்தை ஏன் மாற்றவில்லை என்று எழுத வேண்டுமா என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லை, சும்மா இருங்கள் என்றார். எழுதியதை முழுக்க உரக்கப் படித்துக் காட்டி, இதுதானே நீங்கள் பார்த்தது என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் ஹெர்பர்ட் ஐயா வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தர்மலிங்கத்தைக் கேட்டார். எட்டு மணிக்கு விறகு வண்டியோடு மேட்டில் ஏறினேன், இருளப்பனைப் பார்க்கவில்லை என்று அவன் முன்பு சொன்னதையே சொன்னான். அதுவும் உண்மைதான். பகல் ஆள் வண்டியோடு ஏறி வருவது தெரிந்ததும் ராத்திரி ஆள் முன்பக்கமாக இறங்கிவிடுவான், வண்டி பின்பக்கம் போகும். அங்கே வழக்கமே அப்படி. வண்டி ஏறிய பிறகுதான் இருளப்பன் இறங்கினான் என்று ஆயாவின் வரிசை சொன்னது. எட்டரைக்குத் தீ பிடித்தபோது அவன் வேலை முடிந்து அரைமணி ஆகியிருந்தது. உலரப் போட்டிருந்த கழியிலிருந்து ஒரு ஷீட் நழுவி அடுப்பில் விழுந்த விபத்து, யார் மேலும் குற்றமில்லை, அடுப்புக்கு மேலே கம்பிவலை அடியுங்கள் என்று ஐயா எழுதி முடித்தார். பட்டியலில் பென்சிலால் குறித்திருந்த பெயரை அவரே அடித்தார்.

கொட்டகையில் அன்று ஒரே கூத்து. இராசாத்தி குழந்தைகளோடு குழந்தையாகக் குதித்தாள். இருளப்பன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்று, என்னைக் காப்பாத்திட்டீங்க அத்தை என்று கும்பிட்டான்.

அந்தக் கும்பிடை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆபீஸ் வாசல் பேச்சின் விபரீதம் அவனுக்குத் தெரியாது, கிராணியும் சொல்ல மாட்டார். மருதம்மாள் அவனை மணையில் உட்காரவைத்தாள்.

"கும்பிடாத. செவ்வாக்கிழமை நான் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். ஆறே முக்கால்னு கத்தினேன். அதக் கேட்டுத்தான் உம்பேர எழுதினாங்க. மாட்டிவிட்டது நான்தான்."

தோட்டத்தில் யாரும் மருதம்மாள் இவ்வளவு சுருக்கமாகப் பேசிக் கேட்டதில்லை.  இருளப்பன் விலா நோகச் சிரித்தான். அவள் அழுதுகொண்டே அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள், அவன் போதும் என்ற பிறகும் ஊற்றினாள்.