218-ஆம் எண் வாடிக்கையாளர்

மருத்துவப் பொருள் கடையின் பின்னறையில் அவளை எல்லாரும் "வகுப்பு" என்றுதான் கூப்பிட்டார்கள். மாலையில் கணினி வகுப்புக்கு ஓடுகிறவள் என்பதால். எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு நாலாவது முறை சந்தேகப்படுகிற சுபாவம்.

மேலாளர் அவளிடம் ஒரு வருட விற்பனைப் பட்டியலைக் கொடுத்திருந்தார். பில் எண், தேதி, வாடிக்கையாளர் எண், தொகை, அவ்வளவுதான். ஒவ்வொருவரும் கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆகிறது, எத்தனை பில், மொத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டாள். ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி, தொள்ளாயிரம் பேரை ஐந்து சம பங்காகப் பிரித்து, மேல் பங்குக்கு ஐந்து, அடிப் பங்குக்கு ஒன்று என மதிப்பெண் போட்டாள். நாள் கணக்கில் மட்டும் குறைந்த நாளுக்குத்தான் ஐந்து. அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்று ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்துகூடப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

மூன்றிலும் ஒன்றே மதிப்பெண் பெற்றவர்கள் நூற்றுப்பத்துப் பேர். வாடிக்கையாளர் பதிவேட்டில் பார்த்தால், அவர்களில் எண்பத்தெட்டு முகவரிகள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பகுதியில்.

"இவங்க நம்மை மறந்தாச்சு," என்றார் மேலாளர். "அப்புறம் எதுக்கு வண்டி, எதுக்கு ஆள்? ஒண்ணாந்தேதியிலிருந்து டெலிவரி கிடையாது."

டெலிவரி அண்ணனுக்குப் பதினோரு வருட வேலை அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, தினம் நாலு மூட்டை ஏத்திட்டுப் போறேனே, அதெல்லாம் பேய்க்கா குடுத்துட்டு வர்றேன்?"

கூட்டலைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், ஆட்களைப் பார்த்தோமா? அட்டவணையின் அடியை விட்டுவிட்டு உச்சிக்குப் போனாள். ஐந்து, ஐந்து, ஐந்து: 218-ஆம் எண். ஒரு வருடத்தில் ஆயிரத்துப் பன்னிரண்டு பில். அந்த பில்களை எடுத்துப் பார்த்தாள்: படுக்கையில் கிடப்பவர்களுக்கான டயப்பர், காயத்துக்குக் கட்டும் துணி, சர்க்கரை பார்க்கும் பட்டை. பதிவேட்டில் பெயரைத் தேடினாள். டெலிவரி அண்ணன்.

பில் போடும் அக்காவிடம் ஓடினாள்.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றாள் அக்கா, அசட்டையாக. "போன்ல கேக்கறவங்களோட வாடிக்கையாளர் நம்பரைத் தேடிட்டு உக்காந்தா இங்க வரிசை தெருவுக்குப் போயிடும். நம்பர் கட்டம் காலியா இருந்தா பில்லே விழாது. கொண்டு போறவர் நம்பரைப் போட்டுடுன்னு மேலாளரேதான் சொன்னார்."

வாங்கியவர்கள் அத்தனை பேரும் வாங்காதவர்கள் ஆனார்கள். அவர்களுக்குச் சுமந்தவர் கடையின் முதல் வாடிக்கையாளர். அந்தப் பெருமைக்கு அவருக்குக் கணினி தானாகவே அச்சிட்ட ஒரு நன்றிக் கடிதமும் தள்ளுபடிச் சீட்டும்கூட மேசையில் கிடந்தன.

அண்ணன் சீட்டைப் படித்தார். "பத்து சதவீதம் தள்ளுபடியாம். வேலை போனவனுக்கு டயப்பர்ல." கிழிக்கவில்லை. மடித்து மேசையிலேயே வைத்துவிட்டு, தன் டெலிவரி நோட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு பில் எண்ணுக்கும் எதிரே வீடும் கையெழுத்தும்.

இரண்டு நாள் ஆயிற்று. பில் எண்ணுக்கு பில் எண் பொருத்தி, உரியவருக்கு மாற்றினாள். முப்பத்தொரு பில் பொருந்தவில்லை, ஊகிக்காமல் தனியே வைத்தாள். தொள்ளாயிரம் பேருக்கும் புதிதாக மதிப்பெண் போட்டாள். சிலர் மேலே ஏறினால் சிலர் இறங்கத்தானே வேண்டும். அந்த எண்பத்தெட்டில் எழுபத்தொன்பது பேர் மேலே வந்தார்கள். ஐம்பது பேருக்கு மூன்றிலும் நாலோ ஐந்தோ.

மேலாளர் இரண்டு அட்டவணையையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சரி, மாத்திடலாம். அவன் இருக்கட்டும். ஆனா முதலாளிக்கு நீ ஒரு வரி எழுது: கணக்குப் போட்டதுல என் தப்புன்னு. கத்துக்கற பொண்ணு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"கணக்கு சரி சார். கட்டத்துல போட்ட நம்பர்தான் தப்பு."

"எப்பவும் உனக்கே சந்தேகம்தானே?"

"இதுல இல்லை சார்."

"அப்போ அவன் வேலைக்கு நான் பொறுப்பில்லை."

ஒரு மனிதரின் சோற்றை வைத்துத் தன் பெயரைக் கேட்கிறாரே. மேசைக்குத் திரும்பி முதலாளிக்கு எழுதினாள். பட்டியல் என்ன, 218 யார், அந்த எண்ணைப் போடச் சொன்னது யார், நோட்டில் இருப்பது என்ன, பொருந்தாதவை எத்தனை. உச்சி வரிசையை முதலில் பார்க்காதது தன் தவறு என்பதையும் சேர்த்தாள், அது உண்மை. வேறு எதையும் சேர்க்கவில்லை. இரண்டு அட்டவணையையும் இணைத்து, மேலாளருக்கும் நகல் போட்டு அனுப்பினாள்.

மதியம் முதலாளி மேலாளரை அழைத்தார். பின்னறைக் கதவு வழியே "சரிங்க", "சரிங்க" மட்டும் கேட்டது. வெளியே வந்தவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "டெலிவரி நிக்காதாம். போன் ஆர்டருக்கு இனிமே அவங்கவங்க நம்பர்தானாம்."

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க சார்," என்றாள். "போகச் சொன்னது நீங்கதானே."

அவர் அசையவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்தான் வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தார்.