சட்டைக் காலரும் வார்டு வேட்பாளரும்

பேக்கிங் பிரிவு அக்கா வார்டு தேர்தலுக்கு வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டாள். மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து முடிவு வரும்வரை சம்பளமில்லா லீவு கேட்டிருந்தாள். கம்பெனி விதியும் அப்படித்தான் சொன்னது. லீவு மட்டும் வரவில்லை. வாபஸ் வாங்க நாளை கடைசி நாள் என்றிருக்கும்போது ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைத் திறப்பதால் தொழிலாளர்கள் 'சட்டம் சார்' என்று பெயர் வைத்திருந்த அதிகாரி, மேசைமேல் ஒரு போஸ்டரை விரித்தார். அக்காவுக்கு முகம் சுருங்கியது. நல்ல போட்டோ வேறு இல்லை என்று அவள் நாத்தனார் அடையாள அட்டைப் படத்தையே எடுத்து அச்சடித்திருந்தாள். கழுத்துக்குக் கீழே சீருடைக் காலர், அதில் கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. தேர்தல் பிரசாரத்தில் கம்பெனி முத்திரை வரக்கூடாது என்பதும் விதி.

தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். ஒட்டியதையெல்லாம் இன்றைக்கே கிழிக்கிறேன் என்றாள். சார் தலையாட்டினார். ஆனால் போட்டியிலிருந்து விலக வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா தர வேண்டும் என்றார்.

முதலாளியின் தம்பியும் அதே வார்டில் நிற்கிறார். நேற்று அவர் கூட்டத்துக்கு வேலை நேரத்தில் இரண்டு பிரிவு ஆட்களைக் கம்பெனி வேனில் ஏற்றிப் போனார்கள். அதைக் கேட்டாள்.

"அது வேற விஷயம்மா."

"என்ன சார் வேற? என் காலர் உங்க கண்ணுல குத்துது, அந்த வேன் மேல எழுதியிருக்கிற கம்பெனி பேரு குத்தலையா?"

சார் பேனாவை மூடினார், திறந்தார். லீவு தருவது நிர்வாகத்தின் விருப்பம் என்றார்.

பத்து வருஷமாக லைனில் நின்று கால் வீங்கியவளுக்கு, நிற்கவே தகுதியில்லை என்கிறார்களாம்.

"நிக்கணும்னா லீவு எடுத்தே ஆகணும்னு சொல்றது உங்க புத்தகம். லீவு இல்லைங்கிறது உங்க வாய். எதை நான் கேக்கணும்?"

அவர் குரலைத் தணித்து, குடும்பத்தை நினைத்துப் பார், ஜெயித்தாலும் வேலை முக்கியம் இல்லையா என்று சித்தப்பா மாதிரி பேசினார். புருஷனுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசுகிறார் என்று புரிந்ததும் அவள் பயம் கோபத்தில் கரைந்தது.

"சரி சார். தேர்தல்ல நின்னா வேலை போயிடும்னு லெட்டர்பேடுல அடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. வாபஸ் வாங்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

"அப்படியெல்லாம் எழுத மாட்டோம்மா."

"அப்போ லீவ எழுதுங்க."

யாரும் உட்காரச் சொல்லாத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டைப் பண்ணுங்க சார். எழுத்துல வாங்காம இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார், முதலாளி அறைக் கதவைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. கடைசியில் லீவு உத்தரவை அடிக்க விசைப்பலகையை முன்னே இழுத்தார்.